ஹப்பில் 54 6 என்றிருக்கிறது. சைக்கிள் 1954-இல் செய்யப்பட்டதுதானா?

கேள்வி (கறுப்புவண்டி):
என்னிடம் பிஎஸ்ஏ பெயர் தாங்கிய மூன்று கியர் சைக்கிள் ஒன்று உள்ளது. பின் ஹப்பில் ஸ்டர்மி-ஆர்ச்சர் ஏடபிள்யூ என்றும் 54 6 என்றும் பொறித்திருக்கிறது. முன்கழுத்துத் தகட்டில் சாய்த்து நிறுத்திய மூன்று துப்பாக்கிகள் இருக்கின்றன. விளக்குத் தாங்கியும் புரூக்ஸ் தோல் சீட்டும் பழையவை. இதை 1954 எனக் கொள்ளலாமா?

பதில் (மணியோசை):
தாராளமாகக் கொள்ளலாம். 54 ஆண்டைக் குறிக்கிறது, 6 மாதத்தை. ஆக, 1954 ஜூன்.

பதில் (பழையசக்கரம்):
நண்பர் எண்ணைச் சரியாகவே படித்திருக்கிறார். ஆனால் அது ஹப்பின் தேதி, வண்டியின் தேதியன்று. ஸ்டர்மி-ஆர்ச்சர் ஹப்புகளைப் பல நிறுவனங்களும் வாங்கிப் பொருத்தின; சக்கரத்தை மாற்றுவதும் எளிது. சீட்டும் விளக்குத் தாங்கியும் அதைவிட எளிதாகக் கைமாறும் என்பதால் அவற்றைக் கடைசியாகவே பார்க்கிறேன்.

சட்டகத்தைத்தான் கேட்க வேண்டும். பிஎஸ்ஏவின் சைக்கிள் பிரிவை ராலே 1957-இல் வாங்கியது. அதற்குமுன் பிஎஸ்ஏ பெடல் அச்சுக் கப்புகளில் அங்குலத்துக்கு 24 மரைகள் இருந்தன. ராலே தன் சட்டகங்களில் 26 வைத்தது. இடப்பக்கக் கிராங்கையும் பூட்டு வளையத்தையும் கழற்றிவிட்டு, கப்பை வெளியே எடுத்து, அரை அங்குல நீளத்தில் எத்தனை மரைகள் என்று எண்ணுங்கள். 12 வந்தால் பழைய பிஎஸ்ஏ, 13 வந்தால் ராலே. கப்பின் மரை அகலம் அரை அங்குலத்துக்குக் குறைவாக இருந்தால், அளவு தெரிந்த இன்னொரு கப்பின் மரையோடு பொருத்திப் பார்க்கலாம். சட்டகத்துக்குள் வேறு கப்பை வலிந்து திருகிவிடாதீர்கள். மரை போனால் சாட்சியும் போய்விடும்.

பதில் (ஓட்டுநன்):
என் ஏடபிள்யூ ஹப்பில் 8 மட்டுமே உள்ளது. 58-இல் 5 தேய்ந்துவிட்டதோ?

பதில் (பழையசக்கரம்):
போருக்கு முந்தைய ஹப்புகளில் ஓரிலக்கமே இருக்கும். ஆகவே 1938 ஆகலாம். 8-க்கு முன்னால் இன்னோர் எண்ணின் தடம் தெரிகிறதா என்று, வெளிச்சத்தைப் பக்கவாட்டில் பாய்ச்சிப் பாருங்கள்.

பதில் (கறுப்புவண்டி):
கழற்றி எண்ணினேன், 13 வருகிறது. பின் சக்கரத்தில் 40 கம்பிகளும் முன் சக்கரத்தில் 32 கம்பிகளும் உள்ளன.

பதில் (மணியோசை):
அப்படியானால் 1957-க்குப் பிந்தைய வண்டியில் யாரோ பழைய சக்கரத்தை மாட்டியிருக்கிறார்கள்.

பதில் (பழையசக்கரம்):
அது ஒரு வழி. 1954-இல் செய்த ராலே வண்டியில் பிஎஸ்ஏ தகட்டைப் பின்னால் பொருத்தியிருந்தாலும் இதே விடைதான் வரும். 40-க்கு 32 என்பது அக்கால பிரிட்டிஷ் வண்டிகளில் பொதுவான கணக்கு, எனவே அது இரண்டையும் பிரித்துக் காட்டாது. தகட்டின் அடியில் அடைத்த துளைகளோ வேறு வடிவத்தின் விளிம்புத் தடமோ இருந்தால் தகடு மாறியதாகும்.

பதில் (கறுப்புவண்டி):
தகடு ரிவெட் அடித்தது. அதை உடைக்க மனமில்லை. கழுத்துக் குழாயின் உட்புறத்தில், ரிவெட்டுகளுக்கு அருகே வேறு துளைகள் இருக்கின்றனவா என்று முன் கவையைக் கழற்றிப் பார்த்து எழுதுகிறேன்.