புதுப்பிப்பு: குழு நேர்முகத் தேர்வில் ஒருவர் முகம் கொடுக்காவிட்டால்

"மூணு பேர் எதிரே உட்கார்ந்தா யாரைப் பார்த்துப் பேசறது? ஒருத்தர் சலிப்பா இருந்தா என்ன பண்றது?"

இப்படி நான் இங்கே கேட்டதற்குப் பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. கேரளாவில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு பால் பதனிடும் நிறுவனத்தில், தரக்கட்டுப்பாட்டு வேலைக்கான தேர்வு முடிந்தது.

பலித்தது வங்கியில் வேலை பார்க்கும் அக்கா சொன்ன வழிதான்: கேட்டவரைப் பார்த்துத் தொடங்கி, உதாரணம் சொல்லும்போது மற்றவர்கள் பக்கம் திரும்பி, முடிக்கும்போது மறுபடி கேட்டவரிடமே வருவது. நெற்றியைப் பார்த்துப் பேசச் சொன்ன தம்பி, பயம் குறைந்தது உண்மை, ஆனால் மேசை சிறியதாக இருந்தால் எதிரே இருப்பவருக்குத் தெரிந்துவிடும். சம்பளப் பேரம் பற்றி எழுதிய அண்ணா, நான் கேட்டது அதுவல்ல.

உற்பத்தி மேலாளர்தான் பேனாவை உருட்டிக்கொண்டு ஜன்னலையே பார்த்தார். பாலின் அமிலத்தன்மையை அளப்பது பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். அக்கா சொன்னபடி பதிலை நீட்டாமல் நிறுத்தி, "சார், உற்பத்திப் பக்கம் இருந்து பார்த்தா இதில் எது முக்கியம்?" என்று அவரிடமே கேட்டேன். "டேங்கர் வாசலில் நிற்குது, எவ்வளவு நேரம் காக்கணும்?" என்றார். சரி, அவருக்கு வேண்டியது வேகம் என்று புரிந்தது. முதலில் வாசலிலேயே பாலில் ஆல்கஹால் கலந்து பார்க்கும் சோதனை, உடனே திரிந்தால் இறக்க வேண்டாம், திரியாவிட்டால் மற்ற அளவுகள் என்றேன், பேனா நின்றது.

எதிர்பாராதது, அப்புறம் அதிகம் கேட்டவர் அவரே. இரண்டாம் சுற்றுக்கு அழைத்திருக்கிறார்கள். மலையாளத்தில் கேட்டால் தமிழில் பதில் சொல்லலாமா என்பது மட்டும் இன்னும் தெளியவில்லை.