பதிவை வீடியோவாக்கியபோது எதை வெட்டினீர்கள்?

மாவுக்காரி
இட்லி மாவு பற்றி எழுதிய 1400 சொல் பதிவைக் கேமரா முன்னால் அப்படியே வாசித்தேன். நான் பேசினால் நிமிடத்துக்கு நூறு சொல்தான், ஆக 14 நிமிடம். அப்புறம் எந்த நொடிவரை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று காட்டும் வரைபடத்தைப் பார்த்தால், அரிசி வகையைச் சொல்லும்போதே கோடு சரிந்துவிட்டது. ஒரே ஒரு இடத்தில் மேடு. ஒரு சொட்டு உளுந்து மாவைத் தண்ணீரில் போடுகிறேன், மிதக்கிறது. அந்த நாலு நொடியைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள்.

திரும்ப எழுதினேன். 'மெத்தென்ற இட்லி' வெறும் தலைப்பு, 'சொட்டு மிதந்தால் கிரைண்டரை நிறுத்தலாம்' என்பதுதான் சொல்ல வேண்டியது. ஒவ்வொரு பத்தியையும் எடுத்து, இது இல்லாவிட்டால் அந்த வாக்கியம் விழுமா என்று பார்த்தேன். நாலுக்கு ஒன்று அளவு, உப்பு, புளிக்கும் நேரம் எல்லாம் போயிற்று. தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பது தங்கியது, மொத்தமாக ஊற்றினால் மாவு நீர்த்துப்போய்க் காற்றைப் பிடிக்காதே. 240 சொல், முதல் வரியிலேயே சொட்டு விழுகிறது. அம்மாவின் வெந்தயக் கதையையும் வெட்டினேன், பதிவில் எல்லோரும் ரசித்ததே அதுதான். அது இன்னும் உறுத்துகிறது.

வாரமடல்
இவ்வளவு யோசிக்க வேண்டாம். முதல் பத்தியை வைத்துக்கொண்டு மிச்சத்தைத் தூக்கிவிடுங்கள், நான் அப்படித்தான் செய்கிறேன்.

மாவுக்காரி
என் முதல் பத்தி மார்கழிக் குளிர் பற்றியது! சொட்டு ஒன்பதாவது பத்தியில் இருந்தது. செய்தி எழுதுகிறவர்களுக்கு உங்கள் வழி சரிப்படும், சுற்றி வளைத்து எழுதுகிற என்னைப் போன்றவர்களுக்கு இல்லை.

மொட்டைமாடி
எனக்கு வெட்டியதுதான் வினை. வேப்பெண்ணெய்க் கரைசல் பற்றிய மடலில் 'மாலையில் மட்டும் தெளிக்கவும்' என்று ஒரு வரி இருந்தது. வீடியோவில் ஒரே விஷயம் இருக்கட்டும் என்று, சோப்புக் கரைசல் சேர்த்தால்தான் எண்ணெய் தண்ணீரோடு கலக்கும் என்பதை மட்டும் வைத்தேன். ஒருவர் உச்சி வெயிலில் அடித்துவிட்டு, ஓரம் கருகிய கத்தரி இலையைப் படம் எடுத்து அனுப்பினார். கீழே குறிப்பில் போட்டிருந்தேன்தான், யார் படிக்கிறார்கள்?

ஒலிப்பெட்டி
நீளம் பிரச்சினையே இல்லை, உங்கள் ஒலிதான் பிரச்சினையாக இருக்கும். காலர் மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளிச் சட்டையில் குத்துங்கள், மின்விசிறியை அணையுங்கள், ஜன்னலுக்குப் போர்வை போடுங்கள், ஃபிரிட்ஜ் சத்தம் கேட்கிறதா என்றும் பாருங்கள். கிரைண்டர் ஓடும்போது பேசவே கூடாது, பிறகு தனியாகப் பேசிச் சேர்க்க வேண்டும்.

மாவுக்காரி
மொட்டைமாடி, அந்த 'மாலையில்' வேறு விஷயம் இல்லையே. அது இல்லாமல் செய்தால் செடி கெடும் என்றால் உங்கள் வாக்கியத்துக்குள்ளேயே வர வேண்டியது, மூன்று நொடி போதும்.

மொட்டைமாடி
சரி, அப்படிப் பார்த்தால் பூ விட்டிருக்கும்போது அடிக்காதே, முதலில் ஒரே ஒரு இலையில் அடித்துப் பார், இதையும் சேர்க்க வேண்டும். மறுபடி மடலே வந்துவிடுகிறதே?