போனுக்குள் இருக்கும் இரண்டு அதிர்விகளுக்குத் தமிழில் என்ன பெயர்?

மலர்விழி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். விசைப்பலகைச் செயலி ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். அமைப்புப் பக்கத்தில் ‘ஹாப்டிக் ஃபீட்பேக்’ என்று வருகிறது. முதலில் ‘அதிர்வு’ என்று போட்டேன், பிறகு ‘தொடுவுணர்வு’ என்று மாற்றினேன். உதவிப் பக்கத்துக்கு வந்ததும் சிக்கிக்கொண்டேன். எழுத்தைத் தட்டும்போது கிடைக்கும் உணர்வு ஏன் போனுக்குப் போன் மாறுகிறது என்று அங்கே ஒரு பத்தி. அதில் ‘லீனியர் மோட்டார்’, ‘ரோட்டரி மோட்டார்’ என்று இரண்டு வகை. ‘நேரியல் மோட்டார்’, ‘சுழல் மோட்டார்’ என்று எழுதிப் பார்த்தேன். மோட்டார் என்றாலே சுழல்வதுதானே, ‘சுழல் மோட்டார்’ என்றால் கூறியது கூறல் ஆகிவிடாதா?

சுந்தரம் எழுதியது:

அம்மா, தொடுவுணர்வு என்பது நல்ல சொல். என் போனில் கண்ணாடி ஒட்டிய பிறகு தொடுவுணர்வு குறைந்துவிட்டது. இரண்டு முறை அழுத்தினால்தான் எழுத்து விழுகிறது. நீங்கள் சொல்லும் அந்த அமைப்பில் இதைக் கூட்டிக்கொள்ள முடியுமா?

கணேசன் எழுதியது:

‘நேரியல்’ என்பது ஏற்கெனவே பாடநூலில் உள்ள சொல், அதையே வைத்துக்கொள்ளலாம். உணர்வு மாறுவதற்குக் காரணம் எளியது. லீனியர் மோட்டாருக்கு வலு அதிகம், அதனால் விலை கூடிய போனில் அதைப் போடுகிறார்கள். மற்றதற்கு வலு குறைவு. அவ்வளவுதான் வேறுபாடு.

இரமணி எழுதியது:

மலர்விழி, சுந்தரம் ஐயாவின் கேள்வியே உங்கள் சொல்லைச் சோதித்துவிட்டது. ‘தொடுவுணர்வு’ என்றதும் அவர் திரை விரலை உணர்வதை நினைத்தார். நமக்கு வேண்டியது அதற்கு எதிர்த்திசை: கருவி விரலுக்கு உணர்த்துவது. (ஐயா, உங்கள் சிக்கல் திரையைச் சேர்ந்தது. சில போன்களின் அமைப்பில் திரையின் உணர்திறனைக் கூட்டும் தேர்வு தனியாக இருக்கும், பாருங்கள்.)

கணேசன் ஐயா, வலு என்பது பாதிதான் சரி. அதிர்வியை இயக்கும் நிரல் எழுதுவது என் வேலை என்பதால் சற்று விரித்துச் சொல்கிறேன். ஆண்ட்ராய்டில் எழுத்துத் தட்டலுக்கு இப்படி ஒரு வரி எழுதுகிறோம் என்று வையுங்கள்:

```
VibrationEffect.createOneShot(20, 128)
```

20 மில்லிநொடி, நடுத்தர வலு. சுழலும் வகையில் ஒரு சிறு மோட்டாரின் அச்சில் எடை ஒருபக்கமாகப் பொருத்தப்பட்டிருக்கும். நிமிடத்துக்கு 12,000 சுற்று என்றால் நொடிக்கு 200 அதிர்வு. ஆனால் அந்த வேகத்தை எட்ட அதற்குப் பல பத்து மில்லிநொடி வேண்டும். எடை தரும் விசையோ வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. பாதி வேகத்தில் கால்பங்கு விசைதான். ஆக 20 மில்லிநொடி முடியும்போது அது இப்போதுதான் உருளத் தொடங்கியிருக்கும், விரலுக்கு ஒன்றும் தெரியாது. தெரிய வேண்டும் என்று நேரத்தை நீட்டினால், மின்சாரத்தை நிறுத்திய பிறகும் எடை சுற்றிக்கொண்டே இருக்கும். வேகமாகத் தட்டுபவர் நொடிக்கு ஐந்து எழுத்து அடிக்கிறார், இடைவெளி 200 மில்லிநொடி. ஒரு எழுத்தின் வால் அடுத்த எழுத்தின் தலையில் இடிக்கிறது. ‘டக் டக்’ என்று வர வேண்டியது ‘ர்ர்ர்’ என்று குழைகிறது. வலுவும் வேகமும் ஒன்றோடொன்று கட்டுண்டவை என்பது இன்னொரு தொல்லை. வலுவைக் குறைத்தால் அதிர்வெண்ணும் இறங்கி, மெல்லிய தட்டு என்பது மந்தமான உறுமலாகிவிடும்.

மற்றதில் எதுவும் சுழல்வதில்லை. காந்தமும் எடையும் ஒரு வில்லில் தொங்குகின்றன. சுருளில் மாறுதிசை மின்சாரம் பாய்ந்தால் எடை முன்னும் பின்னும் ஓடுகிறது. அது 175 ஹெர்ட்ஸில் இயங்குவது என்றால் ஒரு அலைவுக்கு 6 மில்லிநொடிக்கும் குறைவு. 20 மில்லிநொடியில் மூன்று அலைவு முடிந்துவிடும். தொடக்கத்தில் ஓங்கித் தள்ளி, முடிவில் எதிர்த்திசையில் தள்ளிப் பிடித்து நிறுத்தினால் தட்டு சுத்தமாக வெட்டப்படும். விரல் உணரும் வேறுபாட்டில் பெரும்பங்கு இந்தத் தொடக்கமும் நிறுத்தமும்தான். 2016இல் வந்த ஐபோன் 7இன் முகப்புப் பொத்தான் உண்மையில் அமுங்காது. அமுங்கியது போன்ற உணர்வைத் தருவது இவ்வகை அதிர்விதான்.

‘நேரியல்’ எனக்கு உடன்பாடில்லை. நேரியல் சமன்பாடு என்பதில் அது வேறு பொருள். இங்கே எடை ஒரு கோட்டில் ஓடுகிறது, அவ்வளவுதான். இரண்டுமே அதிரச் செய்பவை, எனவே மோட்டாரை விட்டுவிட்டு ‘அதிர்வி’ என்போம். சுழல் அதிர்வி, ஊசல் அதிர்வி என்று சொல்லலாமா?

அப்பாஸ் எழுதியது:

நான் மதுரையில் போன் பழுது பார்க்கிறேன். நாங்கள் இரண்டையும் ‘வைப்ரேட்டர்’ என்றுதான் சொல்வோம். இதற்குத் தனிப்பெயர் இல்லாததால் நான் ஏமாந்திருக்கிறேன். கழற்றிய வைப்ரேட்டரைச் சோதிக்க 3 வோல்ட் கொடுப்பது வழக்கம், பழைய வகை உடனே சுற்றும். ஒருமுறை ஒன்று ‘டக்’ என்று ஒரே தட்டு தட்டிவிட்டு நின்றது. மறுபடி கொடுத்தாலும் அதே. செத்துப்போச்சு என்று வேறு ஒன்று வாங்கிப் போட்டேன், அதுவும் அப்படியே. கடைசியில் கோளாறு போர்டில் இருந்தது. மாறுதிசை மின்சாரம் கேட்கிற வகை என்று அன்றுதான் புரிந்தது. பேட்டரி கொடுத்தால் எடை ஒருபக்கம் நகர்ந்து அங்கேயே நிற்கும். பெயரிலேயே வேறுபாடு தெரிந்தால் எங்களுக்கு நல்லது.

தர்சினி எழுதியது:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். ஆங்கிலப் பெயரில் ‘ரெசொனன்ட்’ என்றும் இருக்கிறதல்லவா? எங்கட பௌதிகப் புத்தகத்தில் அது ‘பரிவு’, உங்கட புத்தகத்தில் ‘ஒத்ததிர்வு’. பரிவதிர்வி என்றால் என்ன? இன்னொன்று: அம்மாவின்ர பழைய போன் மேசையில் அதிர்ந்தால் அடுத்த அறைக்கே கேட்கும். புதுசு விலை கூட, ஆனால் கைப்பைக்குள் இருந்தால் அழைப்பு வந்ததே தெரியாது. பிறகு எது சிறந்தது?

இரமணி எழுதியது:

அறிவிப்பும் எழுத்துத் தட்டலும் ஒன்றல்ல, தர்சினி. அழைப்பின் அதிர்வு ஒவ்வொன்றும் அரை நொடி, ஒரு நொடி நீளும். அதற்குள் சுழல் அதிர்வியும் முழு வேகத்தை எட்டிவிடும். எடை சுற்றுவதால் விசை ஒரே கோட்டில் இல்லாமல் சுற்றுத் தளம் முழுவதும் வீசும், மேசையும் சேர்ந்து அதிரும். மற்றது ஒரே திசையில்தான் உதைக்கும். அந்தத் திசை, எடையின் அளவு, போனில் அதைப் பொருத்திய இடம் எல்லாம் கணக்கில் வரும். சின்ன எடை உள்ளது நேர்த்தியாகத் தட்டும், ஆனால் பைக்குள் இருந்து கூப்பிடாது.

பரிவு என்பது இதன் உயிர். தன் இயல்பு அதிர்வெண்ணிலிருந்து சில ஹெர்ட்ஸ் விலகி இயக்கினாலே வலு பெரிதும் சரியும். ஒவ்வொரு துண்டுக்கும் அந்த எண் சிறிது மாறும். நல்ல இயக்கிச் சில்லு, எடை ஓடும்போது சுருளில் எழும் எதிர் மின்னழுத்தத்தை அளந்து பின்தொடரும். அது இல்லாத போனில் இதே அதிர்வி சோம்பித்தான் கிடக்கும். ‘லீனியர்’ என்று பெட்டியில் அச்சிட்ட இரண்டு போன்கள் வேறுவேறாகத் தட்டுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

கணேசன் எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன், நான் வலுவை மட்டும் பார்த்தேன். ஆனால் ‘ஊசல்’ வேண்டாம். இயற்பியலில் அது புவியீர்ப்பால் ஆடுவது, இங்கே மீட்பது வில். ‘வில்லதிர்வி’ என்றால் அப்பாஸ் சொன்ன வேறுபாடும் பெயரிலேயே வந்துவிடும். ஹாப்டிக்குக்கு நம்மிடம் பழஞ்சொல் இருக்கிறது. ‘சுவை ஒளி ஊறு ஓசை நாற்றம்’ என்று குறள் ஐம்புலனை எண்ணுமிடத்தில் ‘ஊறு’ என்பது இந்த உணர்வுதான்.

மலர்விழி எழுதியது:

‘ஊறு’ அழகான சொல், ஐயா. ஆனால் அமைப்புப் பக்கத்தில் ‘ஊறு: இயக்கு’ என்று பார்த்தால் பயனர் தீங்கு என்றே படிப்பார். தொல்காப்பியத்தின் ‘உற்றறிதல்’ பக்கம் என் மனம் சாய்கிறது, ஆனால் அதுவும் உணர்வதைத்தான் சொல்கிறது, உணர்த்துவதைச் சொல்லவில்லை. பொத்தானில் இப்போதைக்கு ‘தட்டும்போது அதிர்வு’ என்றே விடுகிறேன்.

உதவிப் பக்கத்தில் ‘சுழல் அதிர்வி’ உறுதி. ‘வில்லதிர்வி’யா ‘பரிவதிர்வி’யா என்பதில் எனக்கு இன்னும் தயக்கம். பரிவு என்றால் தமிழ்நாட்டில் இரக்கம் என்று எடுத்துக்கொள்வார்களோ?

அப்பாஸ் எழுதியது:

நேற்று கடையில் இரண்டு பையன்களிடம் சொல்லிப் பார்த்தேன். ‘வில்லதிர்வி’ என்றதும் ஒருவன், “ஸ்பிரிங் வச்சதா அண்ணே?” என்று கேட்டான். ‘பரிவதிர்வி’ யாருக்கும் பிடிபடவில்லை.

தர்சினி எழுதியது:

இங்கே கேட்டால் விடை மாறும், அப்பாஸ் அண்ணா. நானும் வகுப்பில் கேட்டுவிட்டு எழுதுகிறேன்.