லோயர் சர்க்யூட்டில் விற்க முடியாமல் மாட்டிக்கொண்ட அனுபவம் உண்டா?

சின்னமுதல்:
என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு சின்ன கம்பெனியில் 400 பங்கு வைத்திருந்தேன், சராசரி 212 ரூபாய். வெள்ளிக்கிழமை 240-இல் முடிந்தது. அன்று இரவு காலாண்டு முடிவு வந்தது, லாபம் பாதிக்கும் கீழே. திங்கள் காலை விற்றுவிடலாம் என்று நிம்மதியாகத் தூங்கினேன். 228-க்குக் கொடுத்தாலும் லாபம்தானே!

அந்தப் பங்குக்கு 5 சதவீத சர்க்யூட், அதாவது ஒரே நாளில் அதற்கு மேல் ஏறவோ இறங்கவோ முடியாது. திங்கள் காலை திரையைத் திறந்தால் விலை சரியாக 228. வாங்குபவர் பக்கம் ஐந்து வரியும் பூஜ்யம். விற்பவர் பக்கம் ஒரே ஒரு வரி: 228.00, அதற்கு எதிரே மூன்று லட்சத்துச் சொச்சம் பங்கு. நான் 9.52-க்கு 200 பங்குக்கு ஆர்டர் போட்டேன். ஒரு மணி நேரம் கழித்து, எல்லாவற்றையும் விற்றுவிடலாம் என்று அதே ஆர்டரை 400 ஆக மாற்றினேன். சாயங்காலம் வரை ஒரு பங்கு கூடப் போகவில்லை. மறுநாள் 216.60, அதற்கு அடுத்த நாள் 205 சொச்சம். நான்காம் நாள் 195-இல் 120 பங்கு போனது. மீதி 280 ஐந்தாம் நாள்தான் போனது.

நான் என்ன தப்பு செய்தேன் என்று இன்னும் முழுசாகப் புரியவில்லை. உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்.

வேகநடை:
சர்க்யூட் விழுந்தால் எக்ஸ்சேஞ்சே அந்தப் பங்கில் வியாபாரத்தை நிறுத்திவிடும் சார், அதனால்தான் விற்கவில்லை. இதில் உங்கள் தப்பு எதுவும் இல்லை. நான் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வியாபாரம் நடக்கும் எஃப் அண்ட் ஓ பட்டியலில் இருக்கும் பங்குகளை மட்டும்தான் வாங்குவேன். அவற்றுக்கு சர்க்யூட்டே கிடையாது, பயமும் இல்லை.

கணக்குப்பிள்ளை:
வேகநடை தம்பி சொன்னதில் பாதிதான் சரி. தனிப் பங்கு லோயர் சர்க்யூட்டைத் தொட்டால் வியாபாரம் நிற்பதில்லை. அந்த விலைக்குக் கீழே யாரும் ஆர்டர் போட முடியாது, அவ்வளவுதான். 228-க்கு வாங்க ஒருவர் வந்தால் அந்த நொடியே விற்பனை நடக்கும். சின்னமுதல் சாரின் பங்கிலும் அன்று கொஞ்சம் வால்யூம் இருந்திருக்கும். சார், பார்த்தீர்களா?

சின்னமுதல்:
இருந்தது. ஆறாயிரத்துச் சொச்சம் பங்கு.

கணக்குப்பிள்ளை:
அதாவது ஆறாயிரம் பங்கு விற்றவர்கள் உங்களுக்கு முன்னால் வரிசையில் நின்றவர்கள். சாதாரண நாளில் விலையைக் குறைத்துக் கேட்பவருக்கு முதலிடம். இங்கே எல்லோரும் ஒரே விலையில் நிற்கிறார்கள், அதற்குக் கீழே இறங்கவும் முடியாது. அதனால் யார் முதலில் வந்தார் என்பது மட்டும்தான் கணக்கு. நீங்கள் 9.52-க்கு வந்தபோதே மூன்று லட்சம் பங்கு உங்களுக்கு முன்னால். அப்புறம் 200-ஐ 400 ஆக்கினீர்களே, ஆர்டரின் அளவைக் கூட்டினால் பழைய இடம் போய்விடும். கடைசியில் போய் நின்றிருக்கிறீர்கள். இன்னொரு 200-க்குத் தனியாக ஆர்டர் போட்டிருந்தால் முதல் 200-க்காவது இடம் தங்கியிருக்கும். அன்று அதனால் பெரிய வித்தியாசம் வந்திருக்காது என்பது வேறு விஷயம்.

இன்னொன்று, இந்த வரிசை மூன்றரை மணியோடு கலைந்துவிடும். நேற்று பத்தாவது ஆளாக நின்றேன் என்று இன்று யாரிடமும் சொல்ல முடியாது. மறுநாள் புது விலை, புது வரிசை.

என் பழக்கம் இது. முந்தின இரவே, அடுத்த நாளின் லோயர் சர்க்யூட் விலையில் ஆர்டர் போட்டு வைப்பேன். புரோக்கர் அதைக் காலை 9 மணிக்கு பிரி-ஓப்பன் நேரத்தில் அனுப்புவார். நிறையப் பேர் தயங்குவது இந்த இடத்தில்தான்: "அவ்வளவு கீழே போட்டால் அவ்வளவு கீழேயே போய்விடுமே!" போகாது. பிரி-ஓப்பனில் வாங்குபவர், விற்பவர் எல்லோரையும் சேர்த்து ஒரே ஒரு விலை கண்டுபிடிக்கிறார்கள். நீங்கள் 216.60 போட்டிருந்து, பங்கு 222-இல் திறந்தால் உங்களுக்குக் கிடைப்பது 222. சர்க்யூட்டிலேயே பூட்டித் திறந்தால், வரிசையில் கொஞ்சம் முன்னால் இருப்பீர்கள். கொஞ்சம்தான். அதே 9 மணிக்கு ஆயிரம் பேர் வந்து நிற்பார்கள்.

வேகநடை:
சரி, நிறுத்த மாட்டார்கள் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எஃப் அண்ட் ஓ பங்கில் இந்தத் தொல்லையே இல்லையே?

கணக்குப்பிள்ளை:
விற்க முடியாத தொல்லை இல்லை. விழுவதற்குத் தரை இல்லாத தொல்லை இருக்கிறது. அவற்றுக்கு முதலில் 10 சதவீதத்தில் ஒரு தற்காலிக எல்லை இருக்கும், அங்கே வியாபாரம் நடந்தால் எல்லை இன்னும் தள்ளிப்போகும். 2020 மார்ச் 6 அன்று யெஸ் பேங்க் பங்கைப் பாருங்கள். முந்தின நாள் 36 ரூபாய்க்கு மேல் முடிந்தது. இரவு வங்கி மீது ரிசர்வ் வங்கி தடை விதித்த செய்தி வந்தது. மறுநாள் பகலில் 5.55 வரை போய், 16 ரூபாய் சொச்சத்தில் முடிந்தது. அன்று யாரும் பூட்டிக்கொண்டு கிடக்கவில்லை. விற்க வேண்டியவர் விற்றார், எந்த விலையில் என்பதுதான் கேள்வி.

மாலைநேரம்:
நான் கேட்க வந்தது வேறு, ஆனால் இதைப் படித்ததும் என் கதை ஞாபகம் வந்துவிட்டது. அன்றே விற்றுவிடலாம் என்று இன்ட்ராடேயில் 1,000 பங்கு வாங்கினேன், 205 ரூபாய் விலை. இரண்டு லட்சத்து ஐயாயிரம் ரூபாய்க்கு வாங்கிவிட்டேன், கையில் இருந்தது 45,000. மொத்தத் தொகையில் ஐந்தில் ஒரு பகுதியை மார்ஜினாகக் கட்டினால் போதும் என்பதால் துணிச்சல். இரண்டு மணிக்கு பங்கு லோயர் சர்க்யூட்டில் போய் உட்கார்ந்துகொண்டது. மூன்று இருபதுக்கு புரோக்கரே தானாக விற்றுவிடுவார் என்று நம்பிக்கொண்டிருந்தேன். ஆள் இல்லாத கடையில் அவர் மட்டும் யாருக்கு விற்பார்? ஆர்டர் அப்படியே நின்றது.

சாயங்காலம் மெசேஜ்: உங்கள் பொசிஷன் டெலிவரியாக மாற்றப்பட்டது, பாக்கித் தொகையைக் கட்டவும். ஒன்றரை லட்சத்துக்கு மேல் எங்கே போவேன்? மறுநாள் என் கணக்கில் இருந்த வேறு நல்ல பங்குகளை விற்று எடுத்துக்கொண்டார்கள். அந்த நாசமாய்ப்போன பங்கு மட்டும் என்னிடமே இருந்தது, இன்னும் இரண்டு சர்க்யூட் விழுந்தது.

சின்னமுதல்:
ஐயோ. நான் அழுததெல்லாம் சும்மா போல இருக்கிறது.

வெளியூர்வாசி:
சந்தையே நின்றுபோவதைப் பற்றி யாரும் பேசவில்லையே? 7 சதவீதம் விழுந்தால் 15 நிமிடம் நிறுத்திவிடுவார்கள், ஆசுவாசப்படுத்திக்கொள்ளலாம். 2020 மார்ச்சில் நாலு தடவை நடந்ததை நானே பார்த்தேன்.

ரயிலடி:
அது அமெரிக்கக் கணக்கு, அண்ணா. இங்கே 10, 15, 20. சென்செக்ஸ், நிஃப்டி இரண்டில் எது முதலில் தொட்டாலும் சந்தை முழுக்க நிற்கும். ஒரு மணிக்கு முன்னால் 10 சதவீதம் விழுந்தால் 45 நிமிடம் மூடல், அப்புறம் 15 நிமிடம் பிரி-ஓப்பன். ஒன்றுக்கும் இரண்டரைக்கும் நடுவில் என்றால் 15 நிமிடம் மூடல். இரண்டரைக்கு மேல் 10 சதவீதம் விழுந்தால் நிறுத்தமே இல்லை! 20 சதவீதம் என்றால் எந்த நேரமானாலும் அன்றைக்குக் கடை மூடல்தான்.

அந்த மார்ச்சில் இங்கே இரண்டு தடவை நடந்தது, இரண்டிலும் நான் திரை முன்னால்தான். 13-ஆம் தேதி, சந்தை திறந்து ஐந்து நிமிடத்தில் நின்றது. வயிறு கலங்கிவிட்டது. மறுபடி திறந்ததும் நேர்மாறாக ஏற ஆரம்பித்தது, சென்செக்ஸ் 1,325 புள்ளி ஏறி முடிந்தது. அதைப் பார்த்த தைரியத்தில் 23-ஆம் தேதி பத்து மணிக்குள் நின்றபோது, "திறந்ததும் ஏறும்" என்று பணத்தைத் தயாராக வைத்துக்கொண்டு, பதினொன்று ஆகும்போது வாங்கினேன். அன்று நிஃப்டி 13 சதவீதம் விழுந்து 7,610-இல் முடிந்தது. நிறுத்தம் முடிந்த பிறகும் மூன்று சதவீதம் இறங்கிவிட்டது. அதே 45 நிமிடம், இரண்டு நாளில் இரண்டு முடிவு.

நீண்ட நாள் வைத்திருந்ததால் அந்த வாங்கல் பிற்பாடு பழுதில்லை, ஆனால் அன்று இரவு தூக்கம் இல்லை.

மாலைநேரம்:
நான் கேட்க வந்த கேள்வி: ஸ்டாப் லாஸ் போட்டிருந்தால் சின்னமுதல் சார் தப்பித்திருப்பாரா?

வேகநடை:
கண்டிப்பாக. 235-இல் ஸ்டாப் லாஸ் இருந்தால் 235-இலேயே வெளியே வந்திருப்பார்.

கணக்குப்பிள்ளை:
240-இல் முடிந்த பங்கு திங்களன்று நேராக 228-இல்தான் திறந்தது தம்பி. 235-இல் ஒரு நொடிகூட நிற்கவில்லை. ஸ்டாப் லாஸ் ஆர்டரை பிரி-ஓப்பனில் எடுத்துக்கொள்ளவும் மாட்டார்கள். 9.15-க்குப் பிறகுதான் விழித்துக்கொள்ளும். அதற்குள் 9 மணி ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள். பகலில் மெல்ல விழும் பங்குக்கு அது உதவும், ராத்திரி செய்தி வந்து விழும் பங்குக்கு அல்ல.

ரயிலடி:
சின்னமுதல் அண்ணா, ஐந்தாம் நாள் எப்படித் திறந்தது? அறிகுறி ஏதாவது தெரிந்ததா?

சின்னமுதல்:
நான்காம் நாள் மத்தியானம் கவனித்தேன். முதல் மூன்று நாளும் காத்திருக்கும் அளவு லட்சக்கணக்கில், வால்யூம் ஆயிரக்கணக்கில். அன்று இரண்டரைக்கு மேல் காத்திருந்தது 90,000 ஆகக் குறைந்தது, வால்யூம் ஒன்றரை லட்சத்தைத் தாண்டியது. யாரோ மொத்தமாக வாங்கிக்கொண்டிருக்கிறார்கள் என்று தோன்றியது. என் 120 அதில்தான் போனது. மறுநாள் 186 அருகே திறந்து, சர்க்யூட்டில் மாட்டாமல் மேலே கீழே ஓடியது. மீதியை 188-க்கு விற்றேன்.

வேகநடை:
என்னைக் கேட்டால் இந்த 5 சதவீதமே வேண்டாம். முதல் நாளே 20 சதவீதம் விழுந்திருந்தால் 192-இல் அன்றே விற்றுவிட்டு வேலையைப் பார்த்திருக்கலாம். ஐந்து நாள் சித்திரவதை மிச்சமாகியிருக்கும்.

கணக்குப்பிள்ளை:
அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் செய்தி பொய்யாக இருந்தால்? வதந்தியில் 5 சதவீதம் விழுந்து, கம்பெனி மறுப்பு வெளியிட்டு மறுநாள் ஏறிய பங்கும் என்னிடம் இருந்தது. அந்த எல்லை இல்லாவிட்டால் நான் பயந்துபோய் அடிமட்டத்தில் விற்றிருப்பேன்.

மாலைநேரம்:
அப்போது நான்காம் நாள் 195-இல் மொத்தமாக வாங்கினாரே ஒருவர், அவர் மறுநாள் 188-ஐப் பார்த்து என்ன செய்தார் என்று தெரிந்தால் நன்றாக இருக்கும்.