மீத்தேன் கணக்கில் +13.2 வந்தால்: ஹெஸ் விதிக் கணக்குகளில் பார்த்தவற்றைப் பகிருங்கள்

கோத்தகிரி வேதியியல்

பிளஸ் ஒன் வெப்ப இயக்கவியலில் சமன்பாடுகளைக் கூட்டி மொத்த என்தால்பி கண்டுபிடிக்கும் கணக்குகளில், விடைத்தாள்களில் நீங்கள் அடிக்கடி பார்க்கும் தவறு எது? அந்தத் தவறு எந்த எண்ணாக வந்து நின்றது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். நான் ஒரே ஒரு கணக்கை வைத்துத் தொடங்குகிறேன். மீத்தேனின் உருவாதல் என்தால்பி காண வேண்டும். கார்பனையும் ஹைட்ரஜனையும் நேராகச் சேர்த்து மீத்தேன் ஆக்கி வெப்பத்தை அளக்க வழியில்லை. அதனால்தான் எரித்துப் பார்த்த மூன்று மதிப்புகளைக் கொடுக்கிறார்கள்.

```
C(கிராஃபைட்) + O2(g) → CO2(g)         −393.5 kJ
H2(g) + ½O2(g) → H2O(l)               −285.8 kJ
CH4(g) + 2O2(g) → CO2(g) + 2H2O(l)    −890.3 kJ
```

முதலாவதை அப்படியே வைக்க வேண்டும். இரண்டாவதை இரண்டால் பெருக்கினால் −571.6. மூன்றாவதைத் திருப்பிப் போட்டால் +890.3. மூன்றையும் கூட்டினால் −74.8 kJ.

இந்த விடை வராதபோது என்ன வந்திருக்கிறது என்று பார்த்தாலே போதும், கை எங்கே நழுவியது என்று தெரிந்துவிடும். −1855.4 என்றால் மூன்றாவது சமன்பாட்டைத் திருப்பவே இல்லை. +211.0 என்றால் ஹைட்ரஜனை இரண்டால் பெருக்க மறந்தாயிற்று. −646.4 என்றால் வினாத்தாளில் 2H2 + O2 → 2H2O என்று ஏற்கெனவே இரண்டு மோலுக்கான −571.6 கொடுக்கப்பட்டிருந்தது, அதை இன்னொரு முறை இரண்டால் பெருக்கியிருக்கிறார்கள். இது நன்றாகப் படிக்கிற பிள்ளைகளிடம்தான் அதிகம், ஏனென்றால் "இரண்டால் பெருக்கணும்" என்பது அவர்களுக்கு மனப்பாடம்.

பண்ணைக்காடு பிளஸ் ஒன்

டீச்சர், எனக்கு +74.8 வருது. எண் சரி, குறி மட்டும் தப்பு. விளைபொருள் கழித்தல் வினைபொருள் என்றுதான் போட்டேன். அந்தச் சூத்திரம் தப்பா?

கோத்தகிரி வேதியியல்

சூத்திரம் சரிதான் தம்பி, ஆனால் அது உருவாதல் மதிப்புகளுக்கு உரியது. நீ கையில் வைத்திருப்பது எரிதல் மதிப்புகள். எரிதல் மதிப்புகளை வைத்துப் போட்டால் வினைபொருள் கழித்தல் விளைபொருள் என்று வரிசை மாறும். −393.5ஐயும் −571.6ஐயும் சேர்த்து, அதிலிருந்து −890.3ஐக் கழித்துப் பார், −74.8 வரும்.

ஏன் மாறுகிறது என்று ஒரு தடவை யோசித்தால் பிறகு மறக்காது. உருவாதலில் எல்லாப் பொருளும் தனிமங்களில் இருந்து கிளம்புகிறது. எரிதலில் எல்லாப் பொருளும் CO2, H2O என்ற ஒரே அடிவாரத்தில் போய் இறங்குகிறது. மலை உச்சியிலிருந்து அளப்பதும் அடிவாரத்திலிருந்து அளப்பதும் எதிர்த்திசை அல்லவா, அதனால்தான் கழிக்கும் வரிசையும் எதிராகிறது.

கொடைக்கானல் டியூஷன்

சூத்திரமே வேண்டாம் என்பது என் கட்சி. சமன்பாடுகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, இரண்டு பக்கமும் உள்ளதை முதலில் அடிக்கச் சொல்வேன். ΔH எண்களை அதுவரை தொடவே கூடாது. மீத்தேன் கணக்கில் இடப்பக்கம் மொத்தம் 2O2, வலப்பக்கமும் 2O2, அடிபட்டுவிடும். ஹைட்ரஜனைப் பெருக்க மறந்தால் வலப்பக்கம் அரை மோல் ஆக்சிஜன் மிச்சம் நிற்கும், இடப்பக்கம் ஒரு மோல் தண்ணீர் மிச்சம் நிற்கும். கேட்ட சமன்பாட்டில் இல்லாத பொருள் மிச்சம் இருந்தால் கூட்டல் போடவே கூடாது, திரும்பிப் போய்ப் பார்க்க வேண்டும்.

எனக்கு அதிகம் சிக்குவது நீங்கள் சொல்லாத ஒரு எண், டீச்சர். +13.2. இதில் பெருக்கலும் சரியாக இருக்கும், திருப்பியதும் சரியாக இருக்கும், O2 கூட அழகாக அடிபட்டிருக்கும். ஆனாலும் விடை நேர்க்குறியில் நிற்கும்.

லவ்டேல் அப்பா

என் பெண்ணுக்கும் இதே +13.2தான் வந்தது, மூன்று தடவை போட்டுப் பார்த்தாள். ஒரு சந்தேகம். ஊட்டியில் தண்ணீர் 100 டிகிரிக்கு முன்னாலேயே, 92, 93லேயே கொதித்துவிடுகிறது. மலையில் இருப்பதால் இந்தக் கணக்கில் வேறு மதிப்பு போட வேண்டுமோ? இங்கே குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது, கேஸும் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது.

கொடைக்கானல் டியூஷன்

இல்லைங்க. இந்த மதிப்புகள் 25 டிகிரி, 1 பார் அழுத்தத்துக்கு எழுதப்பட்டவை. பரீட்சை எழுதுகிற ஊரின் உயரத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. பருப்பு வேகாததற்குக் காரணம் தண்ணீரின் வெப்பநிலை குறைவு என்பதுதான், அது வேறு விஷயம். ஆனால் நீங்கள் தண்ணீரைப் பிடித்தீர்களே, கோளாறு தண்ணீரில்தான் இருக்கிறது. பெண் போட்ட தாளில் ஹைட்ரஜனுக்கு என்ன எண் இருக்கிறது, 285.8ஆ 241.8ஆ?

லவ்டேல் அப்பா

241.8. வினாவில் அப்படித்தான் கொடுத்திருக்கிறது. பக்கத்தில் H2O(g) என்று சின்னதாக இருக்கிறது. மீத்தேனுக்கு 890.3தான்.

கொடைக்கானல் டியூஷன்

அதுதான். ஹைட்ரஜன் எரிந்து நீராவி ஆனதற்கு −241.8. மீத்தேன் எரிந்து திரவ நீர் ஆனதற்கு −890.3. கூட்டும்போது இடப்பக்கம் 2H2O(l) நிற்கும், வலப்பக்கம் 2H2O(g) நிற்கும். பிள்ளைகள் இரண்டிலும் 2H2O என்பதை மட்டும் பார்த்து அடித்துவிடுகிறார்கள். உண்மையில் அவை வேறு வேறு பொருள் மாதிரி, அடிக்கக்கூடாது. அடித்ததால் இரண்டு மோல் நீரை ஆவியாக்கிய வெப்பம் விடைக்குள் ஒளிந்துகொண்டது. ஒரு மோலுக்கு 285.8 − 241.8 = 44.0, இரண்டு மோலுக்கு 88.0. −74.8உடன் 88.0ஐக் கூட்டிப் பாருங்கள், சரியாக +13.2.

குன்னூர் பி.எஸ்சி.

ஆமாம், நீரின் ஆவியாதல் வெப்பத்தை நான்காவது சமன்பாடாகச் சேர்த்துவிட்டால் தீர்ந்தது. அந்த மதிப்பு 40.7 kJ, எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். வினாவில் தராவிட்டாலும் அதையே போடலாம்.

கோத்தகிரி வேதியியல்

சேர்க்க வேண்டும் என்பது சரி, மதிப்புதான் பொருந்தாது. 40.7 என்பது 100 டிகிரியில் கொதிக்கும் நீருக்கு. நம் மற்ற மூன்று மதிப்புகளும் 25 டிகிரிக்கு. 25 டிகிரி நீரை அதே 25 டிகிரியில் ஆவியாக்க 44.0 வேண்டும். 40.7 போட்டால் மோலுக்கு 3.3 குறையும், இரண்டு மோலுக்கு 6.6. அப்போது விடை −74.8க்குப் பதில் −68.2 என்று வரும். பார்க்க நம்பும்படி இருக்கிற தவறு இது, குறியும் சரி, அளவும் கிட்டத்தட்ட சரி, அதனால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. வெப்பநிலை ஒன்றாக இருக்கிற மதிப்புகளை மட்டும்தான் கூட்ட முடியும்.

லவ்டேல் அப்பாவின் பெண் போட வேண்டியது இதுதான். நான்காவது வரி சேர்ந்ததும் நீர் முழுக்க அடிபட்டுவிடும்.

```
C + O2 → CO2(g)                  −393.5
2H2 + O2 → 2H2O(g)               −483.6
2H2O(g) → 2H2O(l)                 −88.0
CO2 + 2H2O(l) → CH4 + 2O2        +890.3
C + 2H2 → CH4                     −74.8
```

குன்னூர் பி.எஸ்சி.

25 டிகிரியில் நீர் கொதிக்கவே கொதிக்காதே, பிறகு எப்படி ஆவியாதல் வெப்பம் இருக்கும் என்றுதான் 40.7 போட்டேன். ஈரத்துணி காய்வது கொதித்தா காய்கிறது என்று இப்போது உறைக்கிறது. சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வினாவில் 40.7 என்று அவர்களே கொடுத்திருந்தால்?

கோத்தகிரி வேதியியல்

கொடுத்திருந்தால் அதையே போட்டுவிடுங்கள், விடைக்குறிப்பும் அதை வைத்துத்தான் இருக்கும். அது வினா தயாரித்தவர் செய்த பிழை. இன்னொரு வழி, எல்லாவற்றையும் நீராவிக்கே வைத்துக்கொள்வது. மீத்தேன் எரிந்து நீராவி ஆனால் −802.3. −393.5, −483.6, +802.3 கூட்டினாலும் அதே −74.8தான். திரவமோ ஆவியோ, ஏதாவது ஒன்றில் நின்றால் போதும், கலந்தால்தான் கெடும்.

அப்பாவின் கேஸ் அடுப்புக்கும் இதில் ஒரு பதில் இருக்கிறது. சிலிண்டரில் உள்ள புரோப்பேன் ஒரு மோல் எரிந்தால் திரவ நீருக்கு 2220 kJ, நீராவிக்கு 2044. அடுப்பில் நீர் ஆவியாகவே போய்விடுவதால் கிடைக்கக்கூடியது இரண்டாவது அளவுதான். அது மலையிலும் அப்படித்தான், மேட்டுப்பாளையத்திலும் அப்படித்தான்.

பண்ணைக்காடு பிளஸ் ஒன்

டீச்சர், நிலை எழுதாமல் வெறும் H2O என்று கொடுத்தால் எப்படிக் கண்டுபிடிப்பது?

கொடைக்கானல் டியூஷன்

எண்ணே சொல்லிவிடும் தம்பி. ஹைட்ரஜனுக்கு 286 பக்கம் இருந்தால் திரவம், 242 பக்கம் இருந்தால் ஆவி. மீத்தேனுக்கு 890 திரவம், 802 ஆவி. இந்த நாலு எண்ணும் கண்ணில் பழகிவிட்டால் வினாவைப் படிக்கும்போதே தெரிந்துவிடும். கார்பனுக்கும் இதே கதை உண்டு, கிராஃபைட் 393.5, வைரம் 395.4. வித்தியாசம் 1.9தான், ஆனால் வினாவில் வைரம் என்று இருந்தால் அது வேண்டுமென்றே போட்டது.

பண்ணைக்காடு பிளஸ் ஒன்

அந்தப் புரோப்பேனையே போட்டுப் பார்த்தேன். 3 × −393.5 = −1180.5. 4 × −285.8 = −1143.2. +2220.0 கூட்டினால் −103.7 வருது. விடையில் −103.85 என்று இருக்கு. இதிலும் எங்கேயோ நழுவிட்டேனா?

கோத்தகிரி வேதியியல்

இல்லை, உன் வேலை சரி. விடை போட்டவர் 393.51, 285.83 என்று இரண்டு தசமம் வைத்திருக்கிறார். நீ விட்ட 0.01 மூன்று மடங்காகிறது, 0.03 நான்கு மடங்காகிறது, சேர்த்து 0.15. இரண்டாயிரத்துச் சொச்சத்திலிருந்து இன்னொரு இரண்டாயிரத்துச் சொச்சத்தைக் கழித்து நூறை எடுக்கிறோம், சின்னப் பிசிறு அங்கே பெரிதாகத் தெரியும். வினாவில் கொடுத்த தசமங்களை நடுவில் வெட்டாதே, கடைசி வரியில் மட்டும் சுருக்கு.

குன்னூர் பி.எஸ்சி.

விடையை kJ என்று முடிப்பதா, kJ mol⁻¹ என்று முடிப்பதா? எழுதிய சமன்பாட்டுக்கு kJ போதும் என்று எங்கள் பேராசிரியர் சொல்கிறார்.

கொடைக்கானல் டியூஷன்

உருவாதல் என்தால்பி என்று கேட்டால் ஒரு மோலுக்குத்தானே, kJ mol⁻¹ எழுதுவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. வெறும் kJக்கு மதிப்பெண் குறைத்த தாளும் பார்த்திருக்கிறேன், குறைக்காத தாளும் பார்த்திருக்கிறேன். திருத்துகிற மற்றவர்கள் சொல்லுங்கள்.