ஆடிட்டரிடமிருந்து வந்த மின்னஞ்சல்: உண்மையா என்று சொல்லுங்கள்

வணக்கம். ஈரோட்டில் வீட்டிலிருந்தே இட்லிப் பொடி, பருப்புப் பொடி செய்து விற்கிறேன். மாத விற்பனை நாற்பதாயிரம்தான். ஆனாலும் பெங்களூரு கடை ஒன்றுக்கும் அனுப்புவதால் போன மாதம் ஜிஎஸ்டி பதிவு எடுத்தேன். பத்தே நாளில் ஒரு பட்டயக் கணக்காளர் பெயரில் மின்னஞ்சல் வந்தது. கணக்கு எழுதுவது, மாதாமாதம் ஜிஎஸ்டிஆர்-1, 3பி தாக்கல் எல்லாம் சேர்த்து மாதம் 3,500 ரூபாயாம். போர்ட்டலின் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் பதிலில் அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள்.

இரண்டு விஷயம் உறுத்துகிறது. பட்டயக் கணக்காளர் தாமாகக் கடிதம் எழுதி வேலை கேட்பதை 1949-ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது என்று உறவினர் ஒருவர் சொன்னார். மின்னஞ்சலில் உறுப்பினர் எண்ணும் இல்லை. அப்புறம், விற்பனை ஐந்து கோடிக்குள் இருந்தால் காலாண்டுக்கு ஒருமுறை ரிட்டர்ன் போதும், வரியை மட்டும் மாதாமாதம் கட்டலாம் என்கிறார்கள். அப்படியிருக்க இவர் ஏன் மாதத் தாக்கலுக்குக் கட்டணம் சொல்கிறார்?

விற்பனையே இல்லாத காலத்துக்கும் ரிட்டர்ன் போடாவிட்டால் தாமதக் கட்டணம் ஏறும் என்பதால் ஒருவர் உதவி கட்டாயம் வேண்டும். கடவுச்சொல்லைக் கொடுக்காமல், பில்களை மட்டும் அனுப்பி, ஓடிபியை நானே போட்டுத் தாக்கல் செய்ய முடியுமா? என் அளவுத் தொழிலுக்கு நீங்கள் எவ்வளவு கொடுக்கிறீர்கள்? ஈரோடு பக்கம் நேரில் பார்க்கக்கூடிய ஆடிட்டர் யாராவது இருந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள்.