புதுப்பிப்பு: பெயரில் இனிஷியல் இடித்த துபாய் நர்ஸ் சரிபார்ப்பு முடிந்தது

கேட்டது: "பாஸ்போர்ட்ல அப்பா பேர் முழுசா இருக்கு, டிகிரியில இனிஷியல் மட்டும். டேட்டாஃப்ளோ நிராகரிக்குமா?"

உதவிய எல்லோருக்கும் நன்றி. துபாய் லைசென்ஸுக்காக நம் சான்றிதழ்களைச் சரிபார்க்கும் நிறுவனமான டேட்டாஃப்ளோ நிராகரிக்கவில்லை. கெஜட்டில் பெயர் மாற்றணும் என்றார் கும்பகோணம் அண்ணன். தேவைப்படவில்லை, இனிஷியலை விரிப்பது பெயர் மாற்றம் ஆகாதே. மன்னார்குடி அக்கா சொன்னதுதான் பலித்தது: இரண்டு பெயரும் ஒரே நபருடையவை என்று நோட்டரி அஃபிடவிட், கூடவே அப்பா பெயர் உள்ள பத்தாம் வகுப்பு மார்க் ஷீட். திருவாரூர் தம்பி எழுதியது கனடா கதை, அது வேறு வழி.

எதிர்பாராதது அனுபவச் சான்றிதழ். சரிபார்ப்பு மெயில் தஞ்சாவூரில் முன்பு வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்குப் போய், பதிலே இல்லாமல் கிடந்தது. எச்.ஆர்.-ஐ நேரில் பார்த்த பிறகே பதில் போனது. சான்றிதழில் இருந்தது பழைய ஜிமெயில் முகவரி. பணம் கட்டும் முன்பே, இப்போது யார் பதில் போடுவார், எந்த மெயிலில் என்று கேட்டுவிடுங்கள்.

துபாய் லைசென்ஸ் தேர்வும் பாஸ். கையில் வருவது தகுதிக் கடிதம் மட்டும். அதைக் காட்டித்தான் வேலை தேடணும். வேலைக்கு எடுக்கும் ஆஸ்பத்திரிதான் லைசென்ஸை ஆக்டிவேட் செய்யும். வேலை இன்னும் அமையவில்லை.